45 வினாடிப் பேச்சு

பினாங்கில் கபடி இறுதியாட்டம் என்றால் அதில் மூன்று பேச்சு உண்டு. முதலில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பேசுவார். அப்புறம் ஒய்பி என்று நாங்கள் சொல்லும் மக்கள் பிரதிநிதி பேசுவார். கடைசியில் ஓரமாக நின்று கேப்டன் பேசுவான். முதல் இரண்டையும் சுருக்க யாராலும் முடியாது. மூன்றாவதைச் சுருக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

நான் பிறை பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எங்கள் குழு அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்த பையன்கள் சேர்ந்து உண்டாக்கியது. பாதிப் பேர் ஷிஃப்டு வேலை. நான் வலது கார்னர், அதாவது பிடிக்கிற வரிசையின் வலது ஓரத்தில் நிற்பேன். ஆறு வருடமாக நான்தான் கேப்டன். இந்த ஆறு வருடத்தில் இரண்டு இறுதியாட்டம் ஆடினோம். இரண்டிலும் ஆட்டத்துக்கு முன் பேசியது நான்தான். முதல் பேச்சு எப்படி எங்களைக் கெடுத்தது, இரண்டாவதை எப்படித் தயார் செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதல் இறுதியாட்டம். தீவுப் பக்கம் ஒரு டேவான், அதாவது பொது மண்டபம். மாலை 5.30-க்கு ஆட்டம் என்று போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கே உடம்பைச் சூடாக்கிவிட்டு, பையன்களைப் பின்பக்கம் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசினேன். என்ன பேசினேன் என்றால், எல்லாவற்றையும் பேசினேன். தோட்டத்தில் பால் மரம் சீவிய தாத்தாக்கள், தோட்டம் போனபின் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த அப்பாக்கள், நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வது, காலில் போல்ட் போட்டதால் ஆட முடியாமல் போன ஒரு நண்பன். நடுநடுவே ஆட்டத்தைப் பற்றியும் சொன்னேன்: எதிரணியின் பெரிய ரெய்டர் இடது பக்கமாகத்தான் உள்ளே வருவான், அவனை முதல் அடியிலேயே தொடாதீர்கள், உள்ளே விட்டுப் பிடியுங்கள் என்று. முடிக்கும்போது நாலு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நானும்தான். நல்லாப் பேசினோம் என்ற நினைப்பு எனக்கு.

அப்புறம் ஒய்பி வரவில்லை. 6.10-க்கு வந்தார். வரிசையில் நிறுத்தி, கை கொடுக்க வைத்து, பேசி, படம் எடுத்து, 6.35 ஆகிவிட்டது. சூடாகியிருந்த உடம்பு ஆறிப்போனது. நான் ஏற்றிவிட்ட வெறி மட்டும் ஆறவில்லை.

முதல் ரெய்டுக்கு அவர்களுடைய பெரிய ஆள் வந்தான். எங்கள் பாதிக்குள் அவன் தாண்டியாக வேண்டிய பாக் லைனைக்கூடத் தாண்டவில்லை, எங்கள் இடது கார்னர் பாய்ந்து காலைப் பிடிக்கப் போனார். அவர் பாய்ந்ததால், பக்கத்தில் கை கோத்துச் சங்கிலியாக நின்ற கவரும் இழுபட்டான். ரெய்டர் ஒரு துள்ளுத் துள்ளி இருவரையும் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான். இரண்டு பேர் வெளியே. அடுத்த ரெய்டில் எங்கள் வலது கவர், ரெய்டர் தொடுவதற்கு முன்பே லாபிக்குள் காலை வைத்தான். கபடி ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் இருக்கிற ஒரு மீட்டர் லாபி, யாராவது யாரையாவது தொட்ட பிறகுதான் களத்தோடு சேரும். அதற்கு முன் அதில் கால் வைத்தால் தானாகவே அவுட். எட்டு வருடமாக ஆடுகிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். கண்ணில் ரெய்டர் மட்டும்தான் தெரிந்தான், கோடு தெரியவில்லை. ஏழாவது நிமிடத்தில் ஏழு பேரும் வெளியே. ஆல் அவுட்டுக்கு உண்டான இரண்டு புள்ளியும் சேர்ந்து 3-12. கடைசியில் 19-34.

தோல்வியில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன், அதுதான் கண்ணைத் திறந்தது. ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு, ‘நேத்து ஆட்டத்துக்கு முன்ன நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்டேன். ‘அப்பா பத்திச் சொன்னீங்க ணே.’ ‘எல்லாரும் அழுதோம்.’ ‘ஜெயிக்கணும்னு சொன்னீங்க.’ ரெய்டரை உள்ளே விட்டுப் பிடிக்கச் சொன்னது ஒருத்தனுக்கும் நினைவில்லை. ஒருத்தனுக்குக்கூட இல்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் பேச்சைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தான். போட்டுப் பார்த்தேன். 5 நிமிடம் 40 வினாடி. அதில் ஆட்டத்தைப் பற்றிய பகுதி மொத்தம் 20 வினாடிகூட வராது. அதுவும் அழுகைக்கு நடுவில்.

அந்தப் பேச்சு கெட்ட பேச்சு இல்லை. தோட்டத்துக் கதை உண்மைக் கதை. அதைப் பேச வேண்டிய நாள் அது இல்லை, அவ்வளவுதான். கபடியில் பிடிக்கிறவனுக்கு வேண்டியது பொறுமை. ரெய்டருக்கு 30 வினாடி இருக்கிறது, பிடிக்கிறவன் பாயாமல் நிற்க நிற்க அவனுக்குத்தான் நேரம் குறையும். குறி தப்பாமல் காலைப் பிடிக்க வேண்டுமென்றால் அவன் எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறான் என்று பார்க்கிற நிதானம் வேண்டும். வெறி ஏறியவன் அதைப் பார்ப்பதில்லை, முதலில் ஆடுகிற காலைப் பிடிக்கிறான். ஓட்டப் பந்தயத்துக்கோ பளு தூக்குவதற்கோ என் முதல் பேச்சு பொருந்தியிருக்கலாம். கபடியில் தற்காப்பு ஆடப்போகிறவர்களிடம் அதைப் பேசியது தப்பு.

இரண்டு வருடம் கழித்து மறுபடி இறுதிக்கு வந்தோம். எதிரே அதே குழு. எங்கள் மாஸ்டர் வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் பையன்களை உட்கார வைத்து, 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நடந்ததைச் சொன்னார். 1990-இல் பெய்ஜிங்கில் கபடி சேர்ந்ததிலிருந்து ஆண்கள் தங்கத்தை வேறு யாருக்கும் விடாத இந்தியாவை, ஈரான் அரையிறுதியில் 27-18 என்று வீழ்த்திய கதை. எதிரே நிற்பது யாராக இருந்தாலும் பிடி பிடிதான் என்பது அவர் சொல்ல வந்தது. தோட்டத்துக் கதையையும் அன்றைக்கே நான் பேசிவிட்டேன். யாருக்கு அழ வேண்டுமோ அழுதார்கள். அதற்கு இரண்டு ராத்திரி தூக்கம் மிச்சம் இருந்தது, எல்லாம் அடங்கிவிடும்.

சனிக்கிழமைக்கு மட்டும் தனியாக எழுத உட்கார்ந்தேன். ஷிஃப்டு அட்டவணைக் காகிதத்தின் பின்பக்கம். சொல்ல வேண்டியது என்று நினைத்ததையெல்லாம் எழுதினேன், 11 வந்தது. அப்புறம் ஒவ்வொன்றையும் ஒரு கேள்வி கேட்டு அடித்தேன்: இதைக் கேட்டவன் முதல் ஐந்து நிமிடத்தில் கையாலோ காலாலோ வாயாலோ என்ன செய்வான்? ‘விட்டுக்கொடுக்காதீங்க’ என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டு ஒருவன் என்ன செய்வான்? ஒன்றும் செய்ய முடியாது. அடித்தேன். ‘அவங்க மூணு வருஷ சாம்பியன்.’ அதற்கு என்ன செய்வது? அடித்தேன். ‘ரைட் ரெய்டர் டூப்கி போடுவான்’ என்று ஒன்று, அதாவது பிடிக்கிறவர்களின் கைக்குக் கீழே குனிந்து நழுவுவான் என்று. இது செய்யத்தக்க விஷயம்தான், ஆனால் அதை நாங்கள் பயிற்சியில் ஒருமுறைகூடப் பழகவில்லை. பழகாததை அன்றைக்குச் சொன்னால் பயம் மட்டும்தான் மிஞ்சும். அடித்தேன். இப்படி நாலு மிஞ்சியது. நாலாவது, நைட் ஷிஃப்டு முடித்து வரப்போகிற எங்கள் ரெய்டர் ஒருவனின் களைப்பு பற்றியது, அதை எல்லார் முன்னாலும் சொல்வதைவிட அவனிடம் தனியாகச் சொல்வது நல்லது என்று பட்டது. மூன்று.

எப்போது பேசுவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். போன தடவை அனுபவத்தால், ஏற்பாட்டாளர் ஒருவரிடம் முன்கூட்டியே நிகழ்ச்சி வரிசையைக் கேட்டு வாங்கினேன். கை கொடுப்பது, பேச்சு, படம், டாஸ், ஆட்டம். டாஸுக்கும் விசிலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடம்தான் என்னுடையது. டாஸுக்குப் பிறகு பேசுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. முதலில் ரெய்டு போவது நாமா அவர்களா என்று அப்போதுதான் தெரியும். அதனால் பேச்சின் முதல் வரிக்கு மட்டும் இரண்டு வடிவம் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் ஒன்றுதான். வீட்டில் கைப்பேசியில் நேரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை 1 நிமிடம் 20 வினாடி. குறைத்துக் குறைத்து 45-க்குக் கொண்டுவந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, ‘யாருகிட்ட சண்டை போடுறீங்க?’ என்றாள்.

சனிக்கிழமை ஃபெரியில் தீவுக்குப் போகும்போது தனித்தனியாகப் பேச வேண்டியவர்களிடம் பேசினேன். நைட் ஷிஃப்டு முடித்து வந்த ரெய்டரிடம் சொன்னது: முதல் பாதியில் ரெண்டு டைம் அவுட் இருக்கு, உனக்கு மூச்சு வாங்குனா என்னைப் பாரு, கேட்டு வாங்கிடுவேன். 30 வினாடிதான் என்றாலும், தெரிந்து வைத்திருப்பது அவனுக்கு ஒரு தெம்பு. இன்னொருவன் எங்கள் சின்னவன், 19 வயது ரெய்டர். காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி. அவனிடம் ‘பயப்படாதே’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ‘உன் முதல் ரெய்டுல எனக்குப் புள்ளி வேணாம். பாக் லைனைத் தாண்டு, திரும்பி வா. அவ்ளோதான் வேலை’ என்றேன். பாக் லைனைத் தாண்டாமல் திரும்பினால் ரெய்டரே அவுட், அதனால் அந்த ஒரு வேலையை அவன் செய்துதான் ஆக வேண்டும். ஒரு வெற்று ரெய்டு எங்களுக்கு நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை உள்ளே போய் உயிரோடு திரும்பியவனுக்கு இரண்டாவது தடவை கால் நடுங்குவதில்லை.

டேவானில் அதே கதை. ஒய்பி 50 நிமிடம் தாமதம். வெளியே உறுமி மேளம். இந்தத் தடவை நாங்கள் காத்திருந்தோம். அவருடைய கார் வந்து நின்ற பிறகுதான் இரண்டாம் முறை உடம்பைச் சூடாக்கினோம். அவர் பேசிக்கொண்டிருந்தபோது வரிசையில் நின்றபடியே குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். டாஸில் தோற்றேன். அவர்கள் ரெய்டைக் கேட்டார்கள். திரும்பி வந்து 12 பேரையும் வட்டமாக நிறுத்தினேன். உள்ளே ஆடுகிற ஏழு பேரை மட்டும் நிறுத்துகிற பழக்கம் சிலரிடம் உண்டு, அது தப்பு. மாற்றாட்டக்காரன் பாதியில் உள்ளே வரும்போது பேச்சைக் கேட்காதவனாக வருவான். தோளில் தோள், தலை குனிந்து. என் முதுகை மேளத்தின் பக்கம் வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. மெதுவாகப் பேசினால் காது கொடுக்கத் தலை தானாக உள்ளே வருகிறது.

பேசியது இவ்வளவுதான்:

‘அவன்தான் மொதல்ல வரான். மூணு விஷயம். ஒண்ணு, துங்கு. மொத ரெண்டு ரெய்டுக்கு யாரும் பாயக்கூடாது. போனஸ் எடுத்தா எடுக்கட்டும். கை காலியா ரெண்டு தடவ போனான்னா மூணாவதுக்கு வந்துதான் ஆகணும், அப்ப பிடிக்கிறோம். ரெண்டு, நான் வெளிய போனா அண்ணன் சொல்றதுதான். அண்ணனும் போயிட்டா சின்னவன். மூணு, ரெஃப்ரீகிட்ட யாரும் போகாதீங்க, நான் பேசிக்கிறேன். சின்னவனே, நானும் அண்ணனும் போயிட்டா யாரு?’

‘நான்.’

‘என்ன சொல்லுவ?’

‘துங்கு.’

‘போலாம்.’

ஒவ்வொரு வரியும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ‘துங்கு’ என்பது மலாயில் ‘பொறு’. எங்கள் இடது கவர் மலாய் நண்பன், தமிழ் புரியும், ஆனால் அவசரத்தில் அவன் காதில் உடனே விழுவது அவன் மொழிதான். பையன்கள் எல்லாருக்கும் மலாய் தெரியும். அதனால் மாதக் கணக்கில் பயிற்சியில் அந்த ஒரு சொல்லையே வைத்திருந்தோம். ‘துங்கு’ என்றால் பின்னே நில், ‘பிடி’ என்றால் பாய். வேறு கட்டளையே கிடையாது. எதிரணிக்கும் புரியும்தான், புரிந்து என்ன செய்யப்போகிறார்கள்? நாங்கள் பாயவில்லை என்று தெரிந்தால் அவர்களுக்குத்தான் எரிச்சல்.

போனஸ் விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டும். எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, மற்றக் காலைத் தூக்கினால் ஒரு புள்ளி. நாங்கள் பின்தள்ளி நின்றால் அது அவனுக்கு எளிதாகக் கிடைக்கும். பையன்களுக்கு அது கௌரவப் பிரச்சினை, கண் முன்னால் புள்ளி எடுத்துப் போகிறானே என்று பாய்வார்கள். ஆனால் போனஸில் எங்கள் ஆள் யாரும் வெளியே போவதில்லை, வெளியே இருக்கிற அவர்கள் ஆளும் உள்ளே வருவதில்லை. ஒரு புள்ளிதான் போகிறது. பாய்ந்து தவறினால் போவது ஆள். இதைப் பயிற்சியில் பல தடவை சொல்லியிருந்தேன். அன்றைக்குச் சொன்ன ‘எடுத்தா எடுக்கட்டும்’ என்பது அதற்கான அனுமதி மட்டும். கேப்டனே சொல்லிவிட்டான், இனி பாயாமல் நிற்பது கோழைத்தனம் இல்லை.

இரண்டாவது விஷயம் கபடிக்கே உரியது என்று நினைக்கிறேன். காற்பந்தில் கேப்டன் பெரும்பாலும் கடைசிவரை திடலில் இருப்பான். கபடியில் கேப்டன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய் உட்காருவான். அங்கிருந்து கத்திக்கொண்டிருக்க முடியாது. அந்த நேரம் உள்ளே யார் குரல் கொடுப்பது என்று சொல்லி வைக்காவிட்டால் மூன்று பேர் மூன்று விதமாகக் கத்துவார்கள். முதல் இறுதியாட்டத்தில் அதுவும் நடந்தது. அண்ணன் 38 வயது, இடது கார்னர், அவர் பெயரைச் சொன்னதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சின்னவன் பெயரைச் சொன்னதும் வட்டத்தில் ஒரு அசைவு வந்தது. மூத்த ரெய்டருக்கு முகம் சுருங்கியது. நான் வேண்டுமென்றேதான் செய்தேன். ரெய்டர்களில் பின்னால் நின்று முழுக் களத்தையும் பார்க்கிறவன் அவன்தான், குரலும் மேளத்தைத் தாண்டிக் கேட்கும். ஆனால் மூத்தவனிடம் ஃபெரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு, அவன் அடுத்த வாரம்வரை சரியாகப் பேசவில்லை.

கடைசியில் கேட்ட கேள்விதான் அந்த 45 வினாடியில் நான் மிகவும் நம்பிய பகுதி. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘ஆ’ என்பார்கள், அதற்கு மதிப்பில்லை. ஒருவனையாவது திரும்பச் சொல்ல வைத்தால் மற்ற 11 பேர் காதிலும் இரண்டாவது தடவை விழுகிறது. சொல்கிறவன் தடுமாறினால் நமக்கும் தெரிந்துவிடும்.

ஆட்டம் தொடங்கியது. பெரிய ரெய்டர் வந்தான். எங்கள் ஆட்கள் பின்னே நின்றார்கள். போனஸ் எடுத்துக்கொண்டு, தொடையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். 0-1. சின்னவன் போய் பாக் லைனைத் தாண்டிவிட்டு வந்தான், முகத்தில் சிரிப்பு. அவர்களுடைய இரண்டாவது ரெய்டு காலி. எங்கள் மூத்த ரெய்டர் ஒருவனைத் தொட்டு வந்தான், 1-1. அவர்களுடைய மூன்றாவதும் காலி. தொடர்ந்து இரண்டு காலி ஆனதால் அடுத்து வந்தே ஆக வேண்டும், புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அவன் உள்ளே வந்தான், உள்ளே, இன்னும் உள்ளே. நான் ‘பிடி’ என்று கத்தியதும் இடது கார்னரும் கவரும் ஒன்றாகப் போனார்கள். 2-1. அந்த நாலு ரெய்டில் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் நான் வெளியே. கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வெளியே. அப்புறம் இன்னும் இருவர். உள்ளே மூன்று பேர்: சின்னவன், மலாய் நண்பன், வலது கவர். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. அந்த ஆசைதான் ஆபத்து, எல்லாரும் பாய்வார்கள். சின்னவன் குரல் மட்டும் கேட்டது: ‘துங்கு... துங்கு... துங்கு...’ ரெய்டர் நேரம் முடியப்போகிறது என்று தோளைத் திருப்பினான். ‘பிடி!’ மலாய் நண்பன் தொடையைக் கட்டினான், வலது கவர் மேலே விழுந்து அமுக்கினான். இரண்டு புள்ளி. வெளியே முதலில் போன நான் முதலில் உள்ளே வந்தேன். பாதி நேரத்தில் 13-11 என்று நாங்கள் முன்னே.

இதுவரை கேட்டால் பேச்சு எல்லாவற்றையும் சாதித்துவிட்டது போல இருக்கும். மூன்றாவது விஷயம் சாதிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் கடைசி மூன்று நிமிடம், 27-27. எங்கள் ரெய்டர் பிடியில் சிக்கி, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டான் என்று எங்களுக்குத் தெரிந்தது. நடுவர் இல்லை என்றார், யாருக்கும் புள்ளி இல்லாமல் ஏதோ ஒரு தீர்ப்பு. அது சரியா தவறா என்பதில் இன்றைக்கும் எங்களுக்குள் கட்சி உண்டு, விட்டுவிடுகிறேன். நான் நடுவரிடம் நடக்கத் தொடங்குவதற்குள் வலது கவர் எனக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பச்சை அட்டை. அது எச்சரிக்கை மட்டும்தான், புள்ளி போகாது. ஆனால் அவன் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த ரெய்டில், ரெய்டர் யாரையும் தொடுவதற்கு முன்பே, அவன் கால் லாபிக்குள் போனது. இரண்டு வருடத்துக்கு முன் வைத்த அதே லாபி, அதே கால். 27-28. எங்களுக்கு இன்னும் ஒரு ரெய்டு இருந்தது, காலியாகத் திரும்பியது.

பேச்சில் எங்கே தவறினேன் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டு விஷயத்திலும் அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தேன்: பின்னே நில், இன்னார் குரலைக் கேள். மூன்றாவதில் ‘போகாதீங்க’ என்று மட்டும் சொன்னேன். கோபம் தலைக்கேறியவன் போகாமல் நின்று அந்தக் கையையும் காலையும் என்ன செய்வான்? அதற்கு நான் வேலை கொடுக்கவில்லை. பயிற்சியிலும் பழக்கவில்லை. பயிற்சியில் மாஸ்டர்தான் நடுவர், அவரிடம் எவனும் சண்டைக்குப் போகமாட்டான், அதனால் அந்த நிலைமையே வந்ததில்லை. இப்போது வாரத்தில் ஒரு நாள் மாஸ்டர் வேண்டுமென்றே தப்புத் தீர்ப்பு கொடுக்கிறார். தீர்ப்பு பிடிக்காதவன் நேராக என்னிடம் வந்து என் தோளைப் பிடிக்க வேண்டும், நான் வெளியே இருந்தால் அண்ணன் தோளை. கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரியும். ஆனால் கால் நடுவர் பக்கம் போகாமல் இன்னொரு பக்கம் போகிறது. அடுத்த இறுதியாட்டம் வந்தால் மூன்றாவது வரி ‘கோவம் வந்தா என் தோள்’ என்றுதான் இருக்கும். இன்னும் இரண்டு வினாடி மிச்சம்.

பேச்சால் ஆகாதவையும் இருந்தன. நைட் ஷிஃப்டு முடித்து வந்தவனின் கால் இரண்டாம் பாதியில் கனத்துப்போனது, அதற்கு எந்தப் பேச்சும் மருந்தில்லை. அந்த வாரம் ஷிஃப்டு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். முதல் ரெய்டைத் தானம் கொடுத்தோமே, அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் என்று மாஸ்டர் ஒருமுறை முணுமுணுத்தார். நான் பதில் சொல்லவில்லை. சின்னவன் அன்றைக்கு ஏழு புள்ளி எடுத்தான்.

அன்றிரவு பட்டர்வொர்த் வந்து மாமாக் கடையில் உட்கார்ந்தபோது ஒருவரும் பேசவில்லை. ரொட்டி சானாய் வந்தது, தே தாரிக் ஆறிப்போனது. வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வராமல், குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘இன்னைக்கு ஆட்டத்துக்கு முன்ன நான் என்ன சொன்னேன்? பக்கத்துல கேக்காம எழுதுங்க.’ காலையில் பார்த்தால் 11 பதில் வந்திருந்தது. பத்துப் பேர் மூன்றையும் எழுதியிருந்தார்கள், மலாய் நண்பன் மலாயில். அண்ணன் ஒரு வரி கூடவே எழுதியிருந்தார்: ‘வயசாச்சு தம்பி, அடுத்த தடவ என்னைய ரெண்டாவதா போடாத.’

பதினோராவது வலது கவரிடமிருந்து, விடிகாலை மூன்றரை மணிக்கு. ‘ஒண்ணு துங்கு. ரெண்டு அண்ணன், அப்புறம் சின்னவன். மூணாவது என்ன ணே?’